லாரெகப் கடைக்காரர்களின் பட்டப்பெயர்கள்

லாரெகப் என்பது வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் (1914–1953) தம் 'அண்டர் மில்க் வுட்' என்னும் வானொலி நாடகத்துக்காகப் படைத்த கற்பனைக் கடலோர ஊர். அந்த ஊரில் ரொட்டி சுடுபவர், இறைச்சிக் கடைக்காரர், மதுக்கடை நடத்துபவர் என ஏறக்குறைய எல்லோருக்குமே தொழிலையோ குணக்கோளாறையோ ஒட்டிய பட்டப்பெயர் உண்டு. வேடிக்கைக்காகச் சூட்டியவை போலத் தோன்றினாலும், இவை வேல்ஸ் கிராமங்களில் உண்மையாகவே வழங்கிய பெயர் முறையை அடியொற்றியவை.

நாடகம் ஒரு வசந்த நாளின் விடியலுக்கு முன் தொடங்கி இரவில் முடிகிறது. கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் உறங்குகிறது, விழிக்கிறது, கடை திறக்கிறது, வம்பளக்கிறது, மறுபடி உறங்குகிறது. பிபிசியின் மூன்றாம் அலைவரிசையில் 1954 ஜனவரி 25 அன்று, டக்ளஸ் கிளெவர்டன் தயாரிப்பில், ரிச்சர்ட் பர்ட்டன் முதல் குரலாகப் பேச, இது முதன்முதலாக முழு வானொலி நாடகமாக ஒலிபரப்பானது. ஆசிரியர் அதற்கு இரண்டரை மாதம் முன்பே நியூயார்க்கில் இறந்துவிட்டார். லாரெகப் என்ற பெயர் வேல்ஸ் மொழிச் சொல் போலத் தெரியும். எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் 'ஒரு மண்ணும் இல்லை' என்று பொருள்படும் கொச்சையான ஆங்கிலத் தொடர் கிடைக்கும். நூலாக முதலில் வந்தபோது அந்தக் குறும்பு கண்ணில் படாதபடி எழுத்துக்கூட்டலைச் சற்றே மாற்றினார்கள்.

பின்புலம்

வேல்ஸில் நெடுங்காலம் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் தமிழர்களுக்கு அந்த ஏற்பாடு எளிதில் புரியும். ஹவெலின் மகன் ரீஸ் என்றால் 'ரீஸ் அப் ஹவெல்'. அவர் மகன் தாமஸ் என்றால் 'தாமஸ் அப் ரீஸ்'. 'அப்' என்றால் மகன். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே போகும். 16ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதும், பத்திரங்களிலும் நீதிமன்ற ஏடுகளிலும் நிலையான குடும்பப் பெயர் தேவைப்பட்டது. நிலமுள்ளோர் முதலில் மாறினார்கள். நாட்டுப்புறத்தில் பழைய முறை இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. மாறியபோது பெரும்பாலோர் செய்தது ஒன்றுதான்: அந்தச் சமயத்தில் தந்தைக்கோ பாட்டனுக்கோ இருந்த பெயரை அப்படியே குடும்பப் பெயராக உறைய வைத்துவிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் பிறந்தது. அக்காலத்தில் ஆண்களுக்குப் புழக்கத்திலிருந்த பெயர்களே குறைவு. ஜான், டேவிட், இவான், வில்லியம், தாமஸ் என்று ஒரு கைப்பிடிதான். அவற்றிலிருந்து ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ், தாமஸ் ஆகிய குடும்பப் பெயர்கள் பெருகின. வேறு சிலவற்றில் பழைய 'அப்' ஒட்டிக்கொண்டே வந்தது. அப் ரீஸ் 'பிரைஸ்' ஆனது. அப் ஹியூ 'பியூ' ஆனது. அப் ரிச்சர்ட் 'பிரிச்சர்ட்' ஆனது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'அப்' என்பது 'அப்(b)' என மெலிந்தொலிக்கும். அப்படி எய்னியான் மகன் 'பைனன்' ஆனான். பிரைஸ், பியூ, பிரிச்சர்ட், பைனன் நான்கும் லாரெகப் வாசிகளின் பெயர்கள் என்பது நாடகத்தைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆக, ஒரு தெருவில் நான்கு எவன்ஸ், ஐந்து ஜோன்ஸ். 'எவன்ஸைக் கூப்பிடு' என்றால் யாரை? அரசு ஏடுகளுக்கும் இதே தலைவலி இருந்தது. படை அதற்கு எண்ணால் தீர்வு கண்டது. 1879இல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் விக்டோரியா கிராஸ் பெற்ற இரண்டு ஜோன்ஸ்களும் 593 ஜோன்ஸ், 716 ஜோன்ஸ் என்றே குறிக்கப்படுகிறார்கள். கிராமமோ எண்ணை நாடவில்லை. பால் விற்பவரின் பெயருக்குப் பின்னால் பாலைச் சேர்த்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வேல்ஸ் மொழியில் அடைச்சொல் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஊர் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் அந்த வரிசை மாறவில்லை. 'ஜோன்ஸ் த மில்க்' என்பதை ஆங்கிலேயர் ஒருவர் தாமாக அமைத்திருக்கமாட்டார். அதோடு, சேர்வது பெரும்பாலும் தொழிலின் பெயராக இராது; தொழிலில் கைபடும் பொருளாக இருக்கும். நாம் பாலோடு 'காரர்' சேர்த்து ஆளாக்குவோம். அவர்கள் பாலையே ஆளோடு கட்டிவிடுகிறார்கள்.

லாரெகப் பெயர்கள்

இந்த முறைக்கு நேரான சான்று ரொட்டி சுடும் டாய் பிரெட். டாய் என்பது டேவிட்டின் செல்லப்பெயர். பிரெட் என்றால் ரொட்டி. அவருடைய உண்மையான குடும்பப் பெயர் நாடகத்தில் எங்குமே வருவதில்லை. ஊருக்கு அது தேவைப்படவும் இல்லை. அவருக்கு இரண்டு மனைவியர். ஊர் அவர்களைத் திருமதி டாய் பிரெட் ஒன்று, திருமதி டாய் பிரெட் இரண்டு என்று வரிசையிட்டு அழைக்கிறது. பட்டப்பெயராகத் தொடங்கிய ரொட்டி இங்கே குடும்பப் பெயரின் வேலையைப் பார்த்து, மனைவிக்கும் சென்று சேர்ந்துவிடுகிறது. காலையில் டாய் பிரெட் சட்டையைச் செருகிக்கொண்டே கடைக்கு ஓடும்போது பொத்தான் தெறிக்கிறது, தைத்துத் தர ஆளில்லை, சாப்பிடவும் ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ரொட்டிக்காரருக்குக் காலைப் பசி.

இறைச்சிக் கடைக்காரர் புட்சர் பைனன் வேறு வகை. இங்கே தொழில் பெயருக்கு முன்னால், ஆங்கில வரிசையில் வருகிறது. மகளுக்கு அது தொற்றவும் இல்லை. பள்ளி ஆசிரியையான அவள் கோசமர் பைனன் என்றே அறியப்படுகிறாள். ஊரில் வேறு பைனன் குடும்பம் தென்படாததால், தொழிற்பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் காண முடிகிறது. அப்படியானால் 'புட்சர்' எதற்கு? அதுதான் அவருடைய வேடிக்கைக்கு அடித்தளம். காலை உணவின்போது, பூனை தின்னும் ஈரல் அதன் உடன்பிறப்பினுடையது என்று சொல்லி மனைவியை அலறவைப்பார். வெட்டுக்கத்தியோடு தெருநாய்களைத் தேடிப் போவதாகவும் சொல்வார்.

எவன்ஸ் என்ற பெயர் வேல்ஸில் மலிவு என்பதால், பிணப்பெட்டி செய்து அடக்கம் நடத்தும் எவன்ஸுக்குப் பின்னொட்டு கட்டாயம் தேவை. அவர் 'எவன்ஸ் த டெத்'. ஈமத்தொழிலாளி என்று சொல்லாமல் சாவையே அவர் பெயரோடு கட்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட பெயரை ஆள் முகத்துக்கு நேரே சொல்வது எந்த ஊரிலும் எளிதல்ல என்பதே என் எண்ணம். தாமஸ் அவருக்குத் தந்த கனவு, பெயரின் இருட்டுக்கு நேர்மாறு: பனிபெய்த வயலில் ஒரு சிறுவனாக, பணியாரம் சுடும் தாயிடம் ஓடுகிறார்.

நாடகத்தில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது ஆர்கன் மார்கன். இவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். இசையைத் தவிர எதுவும் காதில் ஏறாதவர். ஊரின் மளிகைக் கடை உண்மையில் நடப்பது அவர் மனைவியின் கையால். ஆனாலும் அந்தப் பெண்ணின் பெயர் திருமதி ஆர்கன் மார்கன். கடையாலோ அரிசி, சர்க்கரையாலோ அவருக்குப் பெயர் வரவில்லை. கணவரின் பித்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்த அம்மையார் வேண்டுவது ஒன்றே ஒன்று, அமைதி. எந்த ஓசையிலிருந்து தப்ப நினைக்கிறாரோ, அதைச் சொல்லித்தான் ஊரார் அவரைக் கூப்பிடுகிறார்கள். சிற்றூர்களில் பட்டப்பெயர் உழைப்பவரைவிட ஓசையெழுப்புபவர் பக்கமே சாய்கிறது என்பதைத் தாமஸ் நன்றாகக் கவனித்திருக்கிறார்.

மதுக்கடை 'செய்லர்ஸ் ஆர்ம்ஸ்' நடத்தும் சின்பாத் செய்லர்ஸுக்குக் கடையின் பலகையே பின்பெயர். அங்கே கடிகார முள் ஐம்பது ஆண்டாகப் பதினொன்றரையிலேயே நிற்கிறது, ஆதலால் எப்போதும் கடை திறக்கும் நேரம். யூட்டா வாட்கின்ஸ் என்ற விவசாயியின் பண்ணைக்குப் பெயர் சால்ட் லேக். அந்த நகரம் உள்ள அமெரிக்க மாநிலத்தின் பெயர் ஆளுக்கு வந்துவிட்டது. இடத்தால் ஆளைக் குறிப்பதும் வேல்ஸ் நாட்டுப்புறத்தில் பரவலான வழக்கமே.

பட்டப்பெயர் இல்லாதவர்களும் உண்டு. ஜவுளிக்கடை மோக் எட்வர்ட்ஸும், தையலோடு மிட்டாய்க்கடையும் நடத்தும் மிவான்வி பிரைஸும் முழுப்பெயராலேயே வழங்குகிறார்கள். இருவரும் காதலர்கள், ஆனால் ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் மட்டுமே எழுதிக்கொள்கிறார்கள். எட்வர்ட்ஸின் கடைக்கு மான்செஸ்டர் ஹவுஸ் என்று பெயர். துணி வந்த பெருநகரத்தின் பெயரைக் கடைக்கு வைப்பது வேல்ஸ் ஜவுளிக்காரர்களின் உண்மையான பழக்கம். ஊரோடு ஒட்டாமல் தள்ளி நிற்பவர்களுக்கு ஊர் பட்டப்பெயர் தருவதில்லை போலும். அந்தக் கடிதங்களைக் கொண்டுவரும் தபால்காரர் வில்லி நில்லிக்கோ இரண்டு சொல்லும் விளையாட்டுப் பெயரே. அவர் வீட்டில் உறைகளைக் கொதிநீராவியில் பிரித்துப் படித்துவிடுவதால், கடிதத்தில் இருப்பதை வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

நாடகத்தில் இவற்றின் பயன்

நாடகத்தில் 60க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உண்டு. கேட்பவருக்கு முகம் தெரியாது, உடை தெரியாது, கடைப்பலகை தெரியாது. எவன்ஸ், மார்கன், பைனன் என்று வெறும் பெயர்களை அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் குழம்பிப் போவார். ரொட்டி, சாவு, ஆர்கன் என்று ஒரு பொருள் பெயரோடு ஒட்டிவந்தால், ஆள் அரைமணி நேரம் கழித்து மறுபடி வந்தாலும் அடையாளம் கிடைத்துவிடும். பல ஜோன்ஸ்களுக்கு நடுவே கிராமத்துக்கு எது உதவியதோ, அதுவே வானொலிக்கும் உதவியது. ஊருக்குள்ளேயே இதற்கு ஒரு சான்றாள் இருக்கிறார். கண்பார்வை இழந்த கேப்டன் கேட் சன்னலோரம் உட்கார்ந்து, காலடி ஓசையை வைத்தே இன்னார் போகிறார் என்று பெயர் சொல்வார்.

தாமஸ் இதற்கு ஊரைத் தேடி அலையவில்லை. 1944–45இல் நியூ கீ என்ற கடலோர ஊரிலும், 1949 முதல் லார்ன் என்ற ஊரிலும் குடியிருந்தார். லாரெகப் எந்த ஊர் என்று இரு தரப்பாரும் இன்னும் உரிமை கொண்டாடுகிறார்கள். 1945இல் ஒலிபரப்பான, நியூ கீயை வைத்து எழுதிய சிறு வானொலிச் சித்திரத்திலேயே இந்த நாடகத்தின் சாயல் தெரிகிறது. நாடகத்தில் வரும் திருமதி ஆக்மோர்-பிரிச்சர்ட் அதில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டார்.

பின்னர்

ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபர்மினும் 1959 முதல் உருவாக்கிய 'ஐவர் தி எஞ்சின்' என்ற சிறுவர் தொலைக்காட்சித் தொடரில் ரயில் ஓட்டுநர் 'ஜோன்ஸ் த ஸ்டீம்', பாடகர் குழுத் தலைவர் 'எவன்ஸ் த சாங்'. அதுவும் கற்பனை வேல்ஸ்தான். இவற்றின் புகழால், வேல்ஸ்காரர் என்றாலே இப்படி ஒரு பெயர் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் பரவிவிட்டது. அதன் பின் தொகுக்கப்பட்ட பட்டப்பெயர்ப் பட்டியல்களை அப்படியே நம்ப முடியாது. வாயின் நடுவில் ஒற்றைப் பல் மட்டும் மிஞ்சியவருக்கு வெந்நீர்க் குழாய் வெப்பமூட்டலை நினைவூட்டும் சிலேடைப் பெயர் வைத்த கதை, இன்ன ஊரில் நடந்தது என்று ஒவ்வோர் ஊராரும் சொல்வார்கள். பொதுவாக, கேட்ட மாத்திரத்தில் வெளியூர்க்காரருக்கும் சிரிப்பு வந்தால் அது மேடை நகைச்சுவைக்காகச் செய்தது. உண்மையான ஊர்ப்பெயர் பண்ணையின் பெயராகவோ பாட்டியின் பெயராகவோ இருக்கும், சப்பென்றிருக்கும், ஏன் வந்தது என்று அந்தத் தெருவில் ஒருவர் விளக்கினால்தான் புரியும்.