நந்தனார் கதையின் அடுக்குகள்

நந்தனார் அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர். திருநாளைப்போவார் என்றும் அழைக்கப்படுகிறார். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் உள்ள ஆதனூர் இவரது ஊராகவும், சிதம்பரம் இவர் முக்தி அடைந்த தலமாகவும் கருதப்படுகின்றன. இன்று வழங்கும் இவரது கதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் அடுக்கடுக்காக உருவானது. எந்தச் செய்தி எந்த அடுக்கில் முதலில் வருகிறது என்று பிரித்துப் பார்த்த பின்னரே அதைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ள முடியும்.

தொடக்கநிலைச் சான்றுகள்

எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கொள்ளப்படும் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரது பெயரை மட்டும் குறிப்பிடுகிறார். ஊர், குலம், தொழில் எதுவும் அங்கு இல்லை. அடுத்த அடுக்கு நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி. அதிலுள்ள ஒரே பாடலில் ஆதனூர் என்ற ஊர்ப்பெயரும், புலை நீங்கி முனிவரானார் என்பதும், தில்லை மூவாயிரவர் கைகூப்பினர் என்பதும் உள்ளன. தீக்குளிப்போ, நந்தி விலகியதோ அதில் இல்லை.

சேக்கிழார்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்கதையைப் பெரியபுராணத்தில் 37 பாடல்களில் விரித்தார். கதையை நடத்திச் செல்ல அவசியமில்லாத பல செய்திகளை அவர் தருகிறார். புலைப்பாடியில் தோல்கள் உலர்கின்றன. மருத மர நிழலில் தோல்மேல் குழந்தைகள் உறங்குகின்றன. மாமரக் கிளைகளில் பறைகள் தொங்குகின்றன. நந்தனார் ஊரார் விட்ட நிலத்தால் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளிக்கிறார். கோயிலுக்குள் நுழைய முடியாதவரின் உழைப்பு கோயில் இசைக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இதை அப்படியே சுந்தரருக்கு முற்பட்ட காலத்தின் சித்திரமாகக் கொள்வது பிழை. மருதநில வருணனை காப்பிய மரபில் வருவது. அதில் மரபுத்தொடர்கள் கலந்திருக்கும். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுகின்றன. ஊருக்குப் புறம்பான குடியிருப்பு சோழர் காலத்தில் இருந்தது என்பது இவ்வாறு வேறொரு சான்றாலும் உறுதியாகிறது. எனவே சேக்கிழாரின் சித்திரம் அவர் காலச் சமூகத்துக்கு நல்ல சான்று. நந்தனாரின் காலத்துக்கு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

திருப்புன்கூர் நந்தி

நந்தனார் தரிசிக்கும்பொருட்டு திருப்புன்கூரில் நந்தி விலகியதாகச் சேக்கிழார் பாடுகிறார். அக்கோயிலில் நந்தி இன்றும் சன்னிதிக்கு நேராக இல்லை. ஊர் மரபு அதையே நிகழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டுகிறது. நந்தி அமைந்திருந்த விதத்தை விளக்கவே அக்கதை பிறந்திருக்கவும் கூடும்.

எனினும் இதை முழுவதும் சேக்கிழாரின் கற்பனை என்று ஒதுக்க இயலாது. சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்திலேயே அடியார்கள் சிலரோடு நாளைப்போவாரையும் சேர்த்துப் பாடியிருக்கிறார். சம்பந்தர், நாவுக்கரசர், கண்ணப்பர் பெயர்களும் அதே பாட்டில் வருவதால், அவருக்கும் அத்தலத்துக்கும் தனித்தொடர்பு இருந்தது என்பதற்கு அது போதிய சான்றாகாது. ஆனால் காலத்தால் பிந்தி எழுதப்பட்ட செய்தி பிந்தியே தோன்றியிருக்க வேண்டும் என்பதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

கோபாலகிருஷ்ண பாரதி

பலரும் அறிந்த வேதியர் பாத்திரம் பெரியபுராணத்தில் இல்லை. அது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வருவது. அதில் நந்தனார் வேதியரிடம் பண்ணையாள். சிதம்பரம் செல்ல அனுமதி கேட்டு நிற்கிறார். வயல் ஒரே இரவில் விளைகிறது. கதாகாலட்சேபங்கள் வழியாகவும், பின்னர் 1935, 1942ஆம் ஆண்டுகளின் திரைப்படங்கள் வழியாகவும் இந்த வடிவமே மக்களிடம் நிலைபெற்றது.

இந்தச் சேர்க்கை ‘நாளைப்போவார்’ என்ற பெயரின் பொருளையே மாற்றிவிட்டது. சேக்கிழாரில் நந்தனார் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, நாளை போவேன் என்று நாள்களைக் கழிக்கிறார். பாரதியின் கீர்த்தனையில் தடுப்பவர் நிலவுடைமையாளர். முன்னதில் தடை தீண்டாமை. பின்னதில் அதனுடன் பண்ணையடிமைத்தனமும் சேர்ந்துகொள்கிறது. இதைக் கொண்டு பழங்காலத்தில் வேதியர் பண்ணை இருந்தது என்று எழுதினால் அது தவறு. பாரதி வாழ்ந்த 19ஆம் நூற்றாண்டுக் காவிரிப் படுகையின் பண்ணையாள் முறைக்கு அதே பகுதி மதிப்புள்ள சான்றாகிறது.

மதிப்பீடு

பெரியபுராணம் இயற்றப்பட்ட வரலாறும் இந்தச் சோதனைக்கு உட்பட்டதே. சேக்கிழார் சிதம்பரத்தில் அதைப் பாடி அரங்கேற்றினார் என்ற செய்தி உமாபதி சிவம் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்திலிருந்து கிடைப்பது. அது 14ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. நந்தனார் கதையின் எல்லா அடுக்குகளுக்கும் பொதுவாக எஞ்சுவது நாளைப்போவார் என்ற பெயர் மட்டுமே. நம்பியாண்டார் நம்பி முதல் ஆதனூரும், புலை நீங்கித் தில்லையில் ஏற்கப்பட்ட செய்தியும் தொடர்கின்றன. தோல், நரம்பு, பறைகள் சோழர் காலத்துக்கும், வேதியரின் வயல் 19ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை.