அணைக்கத் தெரியாத ஸ்விட்ச்

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஆலையில் பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று இருந்தது. ஒருநாள் பாரத்தோடு சரிவில் ஏறும்போது, டிரைவர் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி முழு வேகத்தில் பாய்ந்தது. அவர் அவசர பிளக்கைப் பிடுங்கியதால் சுவரில் மோதாமல் தப்பித்தார். “காலை எடுத்தும் நிக்க மாட்டேங்குது சார்” என்று அவர் நடுங்கிக்கொண்டு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தால் ஒழுங்காக நின்றது. குற்றவாளி யார் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1920களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஹல் என்பவர் தைரட்ரான் என்ற வாயு நிரம்பிய குழாயை வளர்த்தெடுத்தார். அதன் கிரிட்டுக்கு ஒரு சின்னத் தூண்டல் கொடுத்தால் குழாய்க்குள் மின்சாரம் பாயத் தொடங்கிவிடும். பிறகு கிரிட்டை என்ன செய்தாலும் நிற்காது. குழாயில் ஓடும் மின்சாரமே அற்றுப்போனால்தான் அணையும்.

இதே குணத்தைத் திடப்பொருளில் கொண்டுவந்தவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தார். மோல், டானன்பாம், கோல்டி, ஹோலன்யாக் ஆகிய நால்வரும் 1956-ல் நான்கு அடுக்கு சிலிக்கான் ஸ்விட்ச் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நான்கு அடுக்கை இரண்டு டிரான்சிஸ்டர்களாக நினைத்துக்கொள்ளலாம். ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகிறது, அதன் வெளியீடு திரும்ப முதலாவதற்கு வருகிறது. சிலிக்கானில் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும்போது பெருக்கும் சக்தியும் குறைவு. வந்த மின்சுமைகளில் பெரும்பங்கு வழியிலேயே இணைந்து மறைந்துவிடுவதால், சுற்றி வருவதற்குள் தூண்டல் தேய்ந்துபோகும். ஸ்விட்ச் மூடாமல் நிற்கும். கேட் முனையில் ஒரு துளி மின்சாரம் கொடுத்தால் ஓட்டம் கூடும், பெருக்கமும் கூடும். ஒரு எல்லையைத் தாண்டியதும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இரண்டும் திறந்தே இருக்கும். அதன் பிறகு கேட்டுக்கு வேலையில்லை. 1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் கார்டன் ஹால் குழுவினர் இதைப் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் பொருளாகச் செய்தார்கள். நாம் எஸ்.சி.ஆர். என்றும் தைரிஸ்டர் என்றும் சொல்வது அதைத்தான்.

அணைக்க ஒரே வழி, ஓடும் மின்னோட்டத்தை ஒரு சிறு அளவுக்குக் கீழே இறக்குவது. அதற்கு ஹோல்டிங் கரண்ட் என்று பெயர். சிறிய தைரிஸ்டர்களில் சில மில்லி ஆம்பியரிலிருந்து சில பத்து மில்லி ஆம்பியர் வரை இருக்கும். வீட்டு ஏ.சி. மின்சாரத்தில் ஓட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அது தானே அணைந்துவிடும். பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதில்லை. அங்கே ஓட்டத்தை நாம்தான் வலுக்கட்டாயமாக நிறுத்த வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட்டில் அதற்கு ஒரு கெபாசிட்டர் இருந்தது. முதன்மை தைரிஸ்டர் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டாவது தைரிஸ்டரைத் தூண்டினால், மின்னேற்றிய கெபாசிட்டர் முதன்மையின் குறுக்கே எதிர்த்திசையில் வந்து அமரும். முதன்மையில் ஓட்டம் நிற்கும். ஆனால் ஓட்டம் நின்றவுடன் அது அணைந்துவிட்டதாக அர்த்தமில்லை. உள்ளே எஞ்சிய மின்சுமைகள் மறைய, சில பத்து மைக்ரோவினாடிகள் அந்த எதிர் அழுத்தம் நீடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 36 வோல்ட், கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட், மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது. 100-ஐ 36-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 36 மைக்ரோவினாடி. தைரிஸ்டருக்கு 25 போதும் என்றால் பயமில்லை. வயதாகி கெபாசிட்டர் 50 மைக்ரோஃபாரடுக்கு இறங்கினால் 18 தான் கிடைக்கும். அது போதாது. தைரிஸ்டர் மறுபடி ஓடத் தொடங்கிவிடும், முழு பேட்டரியும் மோட்டாருக்குப் போகும். அதே பழைய கெபாசிட்டரோடு வெறும் வண்டி 50 ஆம்பியர்தான் இழுக்கும். அப்போது 36 மைக்ரோவினாடி கிடைத்துவிடும், ஒழுங்காக அணையும்.

எங்கள் வண்டியிலும் அதுதான் நடந்தது. நாங்கள் கேட் சர்க்யூட்டையே இரண்டு நாள் தேடினோம், அதில் பழுதே இல்லை. கெபாசிட்டரைக் கழற்றி அளந்தபோது பொறித்திருந்த அளவில் பாதிகூட இல்லை. மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. அதன் பிறகு எங்கள் பராமரிப்புப் பட்டியலில் அதை அளப்பது ஒரு தனி வரியானது. பாரத்தோடு சோதிப்பது இன்னொரு வரியானது.