பெயர் சொல்லாத பைற்றுகள்: இணையத்தில் தமிழ்ப் பிரதிகள் தொலைந்த விதம் பற்றிச் சில குறிப்புகள்

1990களின் பிற்பகுதியில் தமிழில் இணையத்தில் ஏற்றப்பட்ட கட்டுரைகளும் விவாதங்களும் இன்றும் சில பழைய சேவையகங்களில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கிறவர் `¾Á¢ú` என்பது போன்ற கிறுக்கலைக் காண்கிறார். பிரதி அழிந்துவிட்டது என முடிவுகட்டுகிறார். பெரும்பாலும் அது அழியவில்லை. அழிவு நிகழ்வது அதற்குப் பிந்திய ஒரு கட்டத்தில், அதுவும் பாதுகாக்கப் புறப்பட்டவர்களின் கையாலேயே. இது எப்படி நேர்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

சேவையகம் ஒரு பக்கத்தை அனுப்பும்போது அதன் தலைப்பு வரிகளில் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். `Content-Encoding` என்ற வரி, பைற்றுகள் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்கிறது. `charset` என்ற சொல், சுருக்கத்தை விரித்தபின் கிடைக்கும் பைற்றுகளை எந்த எழுத்துக்களாக வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டும் விடுபடலாம். ஆனால் விடுபட்டதன் விளைவு இரண்டிலும் ஒன்றல்ல.

சுருக்கத்தை முதலில் பார்ப்போம். ஜீஸிப், 1992இல் ஜான்-லூ கெய்லியும் மார்க் அட்லரும் எழுதியது. அதற்கு முன் புழக்கத்திலிருந்த `compress` என்ற நிரலின் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியதே இதற்கான தேவையை உண்டாக்கிற்று. அவர்கள் செய்த நல்ல காரியம், ஒவ்வொரு ஜீஸிப் கோப்பும் `1f 8b` என்ற இரண்டு பைற்றுகளோடு தொடங்க வேண்டும் என வைத்தது. தலைப்பு வரி தொலைந்தாலும் கோப்பு தன் பெயரைத் தானே சொல்லிவிடும். 2016இல் விதிநூலாக வெளிவந்த புரோட்லிக்கு அத்தகைய அடையாளம் கிடையாது. `br` என்ற தலைப்பு போய்விட்டால், விரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எனினும் தவறான ஊகம் நெடுந்தூரம் போகாது. விரிப்பான் பிழை என்று கூறி இடையிலேயே நின்றுவிடும்.

புரோட்லி பற்றி இன்னொன்றையும் சொல்லிவைக்கலாம். அதனுள்ளே 13,504 சொற்கள், சொற்துண்டுகள் கொண்ட ஒரு நிலையான அகராதி பொதிந்திருக்கிறது. ஆங்கிலம், ஸ்பானியம், சீனம், ஹிந்தி, ருஷ்யம், அரபு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. தமிழ் இல்லை. நட்டம் பெரிதல்ல, நீண்ட பக்கமொன்றில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை அது தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் எந்த மொழிகளை மனதில் வைத்து இக்கருவிகள் செய்யப்படுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

எழுத்துக் குறியேற்றத்தின் கதை வேறு. 1999இல் வந்த இணைய விதிநூல், `charset` சொல்லப்படாத பிரதியை மேற்கைரோப்பிய எழுத்துக்களாகவே கொள்ள வேண்டும் என்றது. 2014இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. இதற்கிடையில், 2001இல், நெற்ஸ்கேப்பில் பணியாற்றிய ஷான்ஜியான் லீயும் கற்சுஹிக்கோ மொமோயும் பைற்றுகளின் அமைப்பையும் எழுத்துக்கள் வரும் அடுக்கையும் எண்ணிப் பார்த்து ஊகிக்கும் ஒரு முறையை முன்வைத்தனர். இன்று பலர் பயன்படுத்தும் `chardet` அதன் வழிவந்தது. சீனம், ஜப்பானியம், கொரியம், ருஷ்யம், கிரேக்கம், ஹீப்ரு ஆகியவற்றின் அட்டவணைகள் அதில் உண்டு. தமிழுக்குரிய திஸ்கி இல்லை. ஊகிப்பான் தனக்குக் கற்பிக்கப்பட்டவற்றுள் ஒன்றைத்தான் சொல்லும். திஸ்கிப் பக்கத்தைக் கொடுத்தால் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியின் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கும். பிழை என்று நிற்காது.

ஒரு பக்கத்தை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். வந்த பைற்றுகளைத் தொடாமல் அப்படியே சேமிக்க வேண்டும்:

```
curl -s -H 'Accept-Encoding: gzip, br' -D h.txt -o p.bin "$URL"
xxd p.bin | head -1
```

முதலில் `1f8b` தெரிகிறது. `h.txt` இல் சுருக்கம் பற்றி எதுவும் இல்லை. தலைப்பை நம்பியிருந்தால் சுருக்கப்பட்ட பைற்றுகளையே எழுத்தென்று ஊகிக்கப் போயிருப்போம். ஆகவே முதலில் விரிக்கிறோம்:

```
gzip -dc < p.bin > p.txt
```

இப்போது `p.txt` இல் `be c1 a2 fa` என்ற நான்கு பைற்றுகள் அடிக்கடி வருகின்றன. இது யூ.ரி.எஃப்-8 ஆக இருக்க முடியுமா? முடியாது. அம்முறையில் `80` முதல் `bf` வரையுள்ள பைற்று ஒரு எழுத்தின் தொடர்ச்சியாக மட்டுமே வரலாம், தொடக்கமாக வர இயலாது. இங்கே `be` சொல்லின் முதலில் நிற்கிறது. அந்த முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பதினைந்து பைற்றுகள் வேண்டும். அவை `e0 ae a4` என்று தொடங்கும். ஆகவே இது ஏதோ ஒரு பழைய ஒற்றைப் பைற்றுக் குறியேற்றம். திஸ்கிதானா என்பதை அறியக் கொம்புகளைப் பார்க்கலாம். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதுகிறது. எகர, ஏகார, ஐகாரக் குறிகளான `a6`, `a7`, `a8` மெய்யெழுத்துக்கு முன்னால் வரும், பின்னால் ஒரு மெய் இல்லாமல் நிற்கா. நம் கோப்பில் ஓரிடத்திலும் அவை இடைவெளிக்கு முன்னால் இல்லையென்றால் ஐயம் பெருமளவு தீர்ந்தது. லினக்ஸின் glibc நூலகத்துக்குத் திஸ்கி தெரியும். கொம்பை இடம்மாற்றுவதையும் அதுவே செய்துகொள்ளும்:

```
iconv -f TSCII -t UTF-8 p.txt
```

தமிழக அரசு 1999இல் ஏற்ற குறியேற்றங்கள் இதே எழுத்துக்களை வேறு இடங்களில் வைத்தன என்பதால், கிடைத்ததை ஒரு பந்தியாவது மனிதர் வாசித்துப் பார்ப்பது அவசியம்.

இனி அழிவுக்கு வருவோம். இதே கோப்பை மேற்கைரோப்பிய எழுத்தென நினைத்து மாற்றிச் சேமித்தவர் பெரும் கேடு செய்துவிடவில்லை. அதே வழியில் திரும்பிச் சென்றால் பைற்றுகளைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் அதை யூ.ரி.எஃப்-8 எனக் கட்டாயப்படுத்தி, பொருந்தாதவற்றை ‘மாற்றுக்குறி’ கொண்டு நிரப்பும்படி நிரலுக்குச் சொன்னவர், `be` இருந்த இடத்திலும் `c1` இருந்த இடத்திலும் ஒரே `ef bf bd` ஐ எழுதிவிடுகிறார். அதற்குப் பின் எந்த எழுத்து இருந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. பல நிரல்களில் இது ஒரு சிறிய அமைப்பு. பிழைச்செய்தி எரிச்சலூட்டுகிறது என்பதற்காகப் போடப்படுவது.

நம்மவர் மிகுதியாகப் பயன்படுத்திய பாமினியின் நிலை இதைவிட மோசம். அது குறியேற்றமே அல்ல, ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவம் போர்த்திய ஓர் எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்பது `jkpo;`. எல்லா ஊகிப்பான்களும் இதைச் சுத்தமான ஆங்கில எழுத்தென்றே சொல்லும், யூ.ரி.எஃப்-8 சோதனையிலும் ஒரு பிழைகூட வராது. இது தமிழ் என்பதற்குப் பக்கத்திலுள்ள ஒரே அத்தாட்சி `<font face="Bamini">` என்ற அடையாளம். பிரதியை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். அது போனபின் எஞ்சும் தடயம், சொல்லுக்குள்ளே அளவுக்கு மிஞ்சி வரும் அரைப்புள்ளி. பாமினியில் அதுதான் மெய்க்குரிய புள்ளி.

பாமினியில் ஈகாரத்துக்குரிய விசை `<`. ஆக ‘ஈழம்’ என்ற சொல் `<ok;` என்றாகிறது. கவனமாகச் செய்யப்பட்ட பக்கத்தில் அது `&lt;ok;` என்று இருக்கும். ஆனால் பிரித்தெடுக்கும் நிரல் முதலில் `&lt;` ஐ விரித்துவிட்டு, அதன்பின் அடையாளங்களை நீக்கத் தொடங்குமானால், அச்சொல்லை அது ஓர் அடையாளத்தின் தொடக்கம் என எடுத்துக்கொண்டு, அடுத்த `>` வரும்வரை உள்ள எல்லாவற்றையும் சேர்த்து நீக்கிவிடும். எஞ்சிய வசனத்தில் இடைவெளிகூடத் தெரியாது. இப்படி மாற்றப்பட்ட தொகுப்பொன்றைச் சோதிக்க விரும்புகிறவர் மூலக்கோப்பில் `&lt;ok;` எத்தனை முறை வருகிறதென எண்ணி, மாற்றிய பிரதியில் ‘ஈழம்’ எத்தனை முறை வருகிறதென்பதோடு ஒப்பிட்டால் போதும். மூலக்கோப்பு இன்னும் கையில் இருந்தால்.