ரிட்ஜ்லைன் வரைபடம்

பல மாதங்களின் அல்லது பல குழுக்களின் பரவல்களை ஒரே கிடையச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது ரிட்ஜ்லைன் வரைபடம். மாதத்துக்கு ஒரு மேடு. மேடு உயரும் இடத்திலுள்ள அளவுகளே அந்த மாதத்தில் அடிக்கடி பதிவானவை. மேடு பரந்து கிடந்தால் அந்த மாதத்தின் நாட்கள் ஒன்றுபோல் இல்லை என்று பொருள்.

இதன் தோற்றத்துக்கும் பரவலுக்கும் தொடர்பில்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் பல்சார், 1.337 நொடிக்கு ஒருமுறை ரேடியோத் துடிப்பை அனுப்பியது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹரால்டு கிராஃப்ட், 1970ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அதன் அடுத்தடுத்த துடிப்புகளைக் கோடுகளாக அடுக்கினார். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் குழப்பவே, முன்னிருக்கும் மேடு பின்னிருப்பதை மறைக்கும்படி நிரல் எழுதினார். ஒரு கலைக்களஞ்சியத்தின் வழியே அந்தப் படம் 1979இல் ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் இசைத்தட்டு அட்டைக்கு வந்தது.

2017இல் கிளாஸ் வில்கே, ஆர் மொழியில் இவ்வகைப் படத்துக்கென ஒரு தொகுப்பை வெளியிட்டார். இசைக்குழுவின் நினைவாக அதற்கு `ggjoy` என்று பெயர். ஆனால் குழுவின் பெயரோ நாஜி முகாம்களில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பிரிவைக் குறித்தது. அதனால் அதே ஆண்டில் தொகுப்பு `ggridges` ஆயிற்று.

இந்த வரைபடத்துக்குச் செங்கல்பட்டு–மாமல்லபுரம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். தினசரி உச்ச வெப்பத்தை மாதவாரியாக அடுக்கினால் ஜனவரி ஒடுங்கி உயர்ந்து நிற்கும், மே அகன்று தாழும். மே மாதத்தில் மேற்கிலிருந்து வரும் நிலக்காற்றும் கடற்காற்றும் மோதுகின்றன. கடற்காற்று நண்பகலுக்கு முன்பே நுழைந்தால் ஏற்றம் அங்கேயே நிற்கும். பிற்பகல்வரை தாமதித்தால் 40 பாகையைத் தாண்டும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவானது. கரையிலுள்ள மாமல்லபுரத்துக்கு முதலில் வரும் காற்று, உள்ளே தள்ளியிருக்கும் செங்கல்பட்டுக்குப் பிந்தித்தான் எட்டும். நவம்பரில் கதை தலைகீழ்: மழை நாட்களில் வெப்பம் ஏறாததால் மேட்டின் வால் இடப்புறம் நீளும். மாதச் சராசரி இவை எதையும் காட்டாது.

மேட்டை வரையும் முறை எளிது. 30 ஆண்டுகளின் மே மாதங்களில் 930 நாட்கள். ஒவ்வொரு நாளின் அளவுமேலும் ஒரு சிறு மணி வடிவ வளைவை வைத்து, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அந்தச் சிறு வளைவின் அகலத்தைத் தீர்மானிப்பதுதான் உண்மையான வேலை.

```r
ggplot(d, aes(x = tmax, y = month)) +
  geom_density_ridges(bandwidth = 0.7, scale = 1.2)
```

அகலத்தைச் சொல்லாவிட்டால் மென்பொருளே எல்லா மாதங்களுக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். அகலம் 3 பாகையானால் கடற்காற்று வந்த நாளும் வராத நாளும் ஒரே மொட்டை மேடாகக் கரையும். 0.1 ஆனால் மேடு சீப்புப் பல்லாகும். முழு எண்ணாகத் திருத்திப் பதிந்த ஆண்டுகள் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். `scale` மேடுகள் எவ்வளவு மேற்பொருந்தும் என்பதைச் சொல்கிறது. 1 என்றால் மிக உயர்ந்த மேடு அடுத்த அடிக்கோட்டைத் தொடும். அதைக் கூட்டினால் படம் அழகாகும், ஆனால் ஜனவரியின் கூர்முகடு பிப்ரவரியின் அடிப்பகுதியை மறைத்துவிடும். துடிப்புகளுக்கு கிராஃப்ட் செய்த உபாயம் இங்கே சேதம். எல்லா மேடுகளுக்கும் ஒரே பரப்பளவு என்பதால், 20 நாள் தரவும் 900 நாள் தரவும் ஒரே கம்பீரத்தோடு நிற்பதையும் கவனிக்க வேண்டும்.

வெப்பத்துக்குப் பொருந்தும் இந்தப் படத்தில் மழையை அப்படியே போட்டால் கெடும். 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அச்சை 490 மி.மீ. வரை நீட்டினால் மற்ற எல்லா நாட்களும் இடது ஓரத்தில் நசுங்கும். அந்த வெள்ள நாளோ 30 டிசம்பர்களின் 930 நாட்களில் ஒன்று. அதன் மேடு கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, மழையில்லா நாட்கள் பூஜ்யத்தில் குவிவதால் வளைவு எதிர்ம எண்களுக்குள் சரிந்து இறங்கும். பூஜ்யத்துக்கு இடப்பக்கம் மழை காட்டும் படம் கண்ணில் பட்டால் அமைப்பு தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆகவே வானிலைத் துறையின் வரையறைப்படி 2.5 மி.மீ.க்குக் குறையாத மழை நாட்களை மட்டும் எடுத்து, அச்சை மடக்கை அளவில் வைத்து, மழை நாட்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் எழுதுவது நல்லது. மேட்டின் கீழே ஒவ்வொரு நாளையும் புள்ளியாக இட்டால் தாம்பரத்தின் அந்த நாள் தனியே நிற்கும். அக்டோபரை மட்டும் இரண்டாகப் பிரிப்பது உசிதம்: வடகிழக்குப் பருவமழை இயல்பாக 20ஆம் தேதியையொட்டித் தொடங்குவதால், முழு மாதமாக வரைந்தால் இரு பருவங்களின் மழை ஒரே மேட்டில் கலந்துவிடும்.