மண்வெட்டியும் கலப்பையும்: ஒரு சுமேரியச் சொற்போரின் வரலாற்றுப் பொருள்

பண்டைய மெசொப்பொத்தேமியாவின் இலக்கியச் செல்வங்களுள் சொற்போர்ப் பாடல்கள் தனியொரு வகையினவாகும். ஆடும் தானியமும், கோடையும் மாரியும், பறவையும் மீனும் என இருவர் எதிரெதிர் நின்று தத்தம் பெருமையைக் கூறி வாதிடுவதும், இறுதியில் தெய்வமோ அரசனோ தீர்ப்பளிப்பதும் இவற்றின் பொது அமைப்பாகும். இவற்றுள் மண்வெட்டிக்கும் கலப்பைக்கும் இடையே நிகழும் வாதம் வரலாற்று மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. ஏறத்தாழ 200 அடிகள் கொண்ட இப்பாடல், கி.மு. 18ஆம் நூற்றாண்டளவில் நிப்பூர் முதலிய நகரங்களின் எழுத்தர் பள்ளிகளில் மாணவர் களிமண் பலகைகளிற் படியெடுத்ததன் பயனாக நமக்குக் கிடைத்துள்ளது. அது யாக்கப்பட்ட காலம் அதனினும் முந்தியது என்பர்.

வாதத்தைத் தொடங்குவது மண்வெட்டியே. அது மரத்தாற் செய்யப்பட்டு, வாரால் இறுகக் கட்டப்பட்ட பற்களையுடைய எளிய கருவி. உடுக்கத் துணியுமற்ற வறியவனின் பிள்ளையாகவே பாடல் அதனை அறிமுகஞ் செய்கின்றது. அதன் அறைகூவலுக்குக் கலப்பை கூறும் விடை, உயர்குடியினன் ஒருவனின் செருக்கு நிறைந்த பேச்சாகும். தன் விழாநாளில் அரசனே காளைகளையும் ஆடுகளையும் பலியிடுகின்றான். தன் கைபிடியைத் தன் கையாற் பற்றுகின்றான். பெருமக்கள் தன் பக்கத்தே நடந்து வருகின்றனர் என அது பெருமை பேசுகின்றது. மண்வெட்டியோ நாள்தோறும் சேற்றிற் புரள்வது. அடிமையின் கைக்கே உரியது. மேன்மக்களின் கை தீண்டத் தகாதது என்று இகழ்கின்றது. கலப்பை தன் உழைப்பின் பயனையும் கூறாமலில்லை. எனினும், தன்னைத் தொடுவோர் யாவர் என்பதே அதன் வாதத்தின் அடித்தளமாக உள்ளது.

மண்வெட்டியின் மறுமொழி கணக்கிலிருந்து பிறக்கின்றது. கலப்பைக்கு ஆறு எருதுகளும் நான்கு ஆட்களும் வேண்டும். அதனையுஞ் சேர்த்தால் பதினொன்று. அதன் உறுப்பொன்று முறிந்தால் கைவினைஞர் பலர் கூடிச் செப்பனிட வேண்டும். இவ்வளவு ஆரவாரத்துடன் அது வேலை செய்வது ஆண்டில் நான்கு மாதங்களே. எஞ்சிய எட்டு மாதங்களும் அது ஓய்ந்து கிடக்கின்றது. மண்வெட்டிக்கோ பன்னிரு மாதமும் வேலை. வாய்க்கால் வெட்டுதல், வெள்ளத்தைத் தடுக்க அணை கட்டுதல், கிணறு தோண்டுதல், செங்கல்லுக்கு மண் எடுத்தல், தோட்டம் அமைத்தல் யாவும் அதன் பணிகளே. அது வயலைப் பண்படுத்திய பின்னரன்றோ கலப்பை அங்கு வருகின்றது! கூலியாள் தன் மனைவி மக்களைக் காப்பதும் தன்னாலேயே என அது உரைக்கின்றது.

இவ்வாதத்தின் உண்மைப் பின்னணி தென் மெசொப்பொத்தேமியாவின் நிலவியல்பாகும். அங்கு மழை மிகக் குறைவு. யூப்பிரட்டீசு, தைகிரிசு ஆறுகளின் நீரைக் கால்வாய்கள் வழியே கொணர்ந்தாலன்றி வயல் விளையாது. அந்நீரோ வண்டலையும் உடன் கொணர்ந்து கால்வாய்களைத் தூர்க்கும். ஆகவே தூரெடுத்தல் ஒருபோதும் முடிவுறாத வேலையாயிற்று. ஊர் நகரத்து மூன்றாம் அரசமரபின் காலத்து (கி.மு. 2112 - 2004) ஆவணங்களில் இத்தகைய மண்வேலைக்கு நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு ஏறத்தாழ மூன்று கன மீற்றர் மண் என அளவு வகுக்கப்பட்டிருந்தமையைக் காணலாம். ஆண் தொழிலாளி ஒருவன் பெற்ற வழமையான மாதப்படி 60 சிலா, அதாவது ஏறத்தாழ 60 லீற்றர், வாற்கோதுமை. கலப்பை காணும் பொன்விளைச்சலுக்குப் பின்னால் இவ்வுழைப்பு நின்றது. பாடலில் மோதுவன இரு கருவிகள் மட்டுமல்ல. விழாவிற் போற்றப்படும் உழைப்பும், கண்ணிற் படாது நிகழும் உழைப்புமே மோதுகின்றன.

தீர்ப்பு வழங்குபவன் என்லில் தெய்வம், வெற்றி மண்வெட்டிக்கே. இதுகொண்டு இப்பாடலை உழைப்பாளியின் குரல் எனத் துணிந்து கூறலாமோ? அவ்வாறு கூறுவது பொருந்தாது. இதனை யாத்தோரும் பயின்றோரும் எழுத்தர்களே. மண்வெட்டி பிடித்தவன் எழுதியறியாதவன். மேலும் மண்வெட்டி மேல் கீழ் என்ற ஒழுங்கைத் தகர்க்க முனையவில்லை. என்லிலின் திருமுன் தனக்கே முதலிடம் எனத் தானும் உரிமை பாராட்டுகின்றது. கலப்பை அரசனைச் சான்றாக்க, மண்வெட்டி அரசனினும் உயர்ந்த தெய்வத்தைச் சான்றாக்குகின்றது. ஏணியை மறுக்காது, அதன் மேற்படியையே அது கேட்கின்றது. தெய்வம் அதனை ஏற்றுக்கொள்ளும்போது, கால்வாய் வேலைக்கு ஆட்களைத் திரட்டிய அரசின் தேவையும் உடன் நிறைவேறுகின்றது. சேற்றில் நிற்பவனின் வேலை புனிதமாகின்றது, ஆனால் அவன் படியின் அளவு உயரவில்லை.

ஆயினும், அவ்வெழுத்தர்கள் மண்வெட்டியின் வாயில் வைத்த கணக்கு பொய்யன்று. நான்கு மாதம், எட்டு மாதம், பன்னிரு மாதம் என அவ்வாதம் அடுக்குங்கால், நாள்வேலையையும் படியையும் பலகையிற் பதிந்து பழகிய கை புலப்படுகின்றது. தம் சமுதாயம் எவருடைய உழைப்பின்மீது நின்றது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். மேன்மக்கள் முன்னிலையில் நேரே கூறவியலாத அவ்வறிவைக் கூறுதற்கு, பேசும் கருவியொன்றின் வாய் அவர்களுக்கு உதவிற்று எனலாம்.