பேயும் பகிடியும்: சிரிப்புக் காட்டிய வழியில் வந்த பயம்

நம்மவர்கள் வீட்டில் குடும்பமாக இருந்து ‘காஞ்சனா’ பார்த்திருப்பார்கள். ஒரு நிமிடம் வயிறு வலிக்கச் சிரிப்பு, அடுத்த நிமிடம் பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும். இது அண்மையில் வந்த பாணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் மிகப் பெரிய திருப்பம் 1948இல் ஹொலிவூட்டில் நடந்தது. அதைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1920களில் அமெரிக்க மேடைகளில் ‘பாழடைந்த மாளிகை’ நாடகங்களுக்கு நல்ல மவுசு. ‘த கேட் அண்ட் த கேனரி’ அப்படி ஒரு நாடகம். 1927இல் போல் லெனி அதைப் படமாக்கினார். 1939இல் பொப் ஹோப் என்ற நகைச்சுவை நடிகரை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். இந்த வகைக் கதைகளில் ஒரு பாதுகாப்பு உண்டு. கடைசியில் பேய் இல்லை. சொத்துக்கு ஆசைப்பட்ட ஒரு மனிதன்தான் எல்லோரையும் வெருட்டியிருப்பான். பேய் பொய் என்பதால் எவ்வளவு சிரித்தாலும் கதைக்குக் கேடு வராது.

1948இல் யுனிவர்சல் நிறுவனம் அந்தப் பாதுகாப்பை எடுத்து வீசியது. அதனிடம் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, 1930களிலும் 1940களிலும் உலகை வெருட்டிய டிராகுலா, பிராங்கன்ஸ்டைனின் பூதம், ஓநாய் மனிதன் ஆகிய மூவர். மற்றது, அபொட், கொஸ்டெல்லோ என்ற நகைச்சுவை இணை. ஒல்லியான அபொட் அதட்டுவார், குண்டான கொஸ்டெல்லோ நடுங்குவார். இரண்டு கூட்டத்தையும் ஒரே கதைக்குள் போட்டு ‘அபொட் அண்ட் கொஸ்டெல்லோ மீட் பிராங்கன்ஸ்டைன்’ என்ற படத்தை எடுத்தார்கள். இயக்கியவர் சார்ள்ஸ் பார்ட்டன்.

இந்தப் படத்தில் பேய்கள் உண்மையானவை. அப்படியென்றால் சிக்கல் எங்கே? பேயைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பயப்பட மாட்டார்கள். பயந்துவிட்டால் சிரிப்பு வராது. படக்குழு இதற்குக் கண்ட வழி எளிமையானது. பேய்கள் பகிடி விடுவதில்லை. டிராகுலாவாக வந்தவர் 1931இல் அதே வேடத்தில் புகழ்பெற்ற பேலா லுகோசி. அந்தப் பழைய கம்பீரத்தோடுதான் இதிலும் வருகிறார். ஓநாய் மனிதனாக லொன் சேனி ஜூனியர், தனக்கு வந்த சாபத்தை நினைத்து உண்மையாகவே கலங்குகிறார். பிராங்க் ஸ்கின்னர் அமைத்த இசையும் அசல் திகில் படத்துக்கு உரிய இசைதான். அதை மட்டும் தனியாகக் கேட்டால் இது நகைச்சுவைப் படம் என்று சொல்ல மாட்டீர்கள்.

ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம். கொஸ்டெல்லோவும் அபொட்டும் புளோரிடாவில் ரயிலில் வரும் பொதிகளைக் கையாளும் ஊழியர்கள். இரவில் ஒரு திகில் அருங்காட்சியகத்துக்கு இரண்டு பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அபொட் வெளியே போக, கொஸ்டெல்லோ தனியாக நின்று டிராகுலாவைப் பற்றி எழுதியிருக்கும் அட்டையை வாசிக்கிறார். பின்னால் சவப்பெட்டி மூடி கிறீச்சிட்டுத் திறக்கிறது. மூடியின் மேல் இருக்கும் மெழுகுவர்த்தி மெதுவாக நகர்கிறது. கொஸ்டெல்லோ கத்தப் பார்க்கிறார், குரல் வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. ஒருவழியாக அபொட் ஓடி வரும்போது மூடி மூடியிருக்கிறது, மெழுகுவர்த்தி அசையாமல் இருக்கிறது. திட்டு வாங்குவது கொஸ்டெல்லோ.

இங்கே நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? சவப்பெட்டியைப் பார்த்து அல்ல, குரல் வராத மனிதனைப் பார்த்து. சவப்பெட்டிக்குள் இருப்பது உண்மையான ஆபத்து என்று நமக்குத் தெரியும். அது தெரிவதால்தான் அவர் படும் பாடு இன்னும் சிரிப்பைத் தருகிறது. பயமும் சிரிப்பும் இங்கே ஒன்றை ஒன்று வெட்டுவதில்லை. இரண்டுமே ஒரே காத்திருப்பில் இருந்துதான் வருகின்றன. மூடி திறக்குமா என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கிறோம். அந்த மூச்சை அலறலாக விடவைப்பதா, சிரிப்பாக விடவைப்பதா என்பதை இயக்குநர் கடைசி நொடியில் தீர்மானிக்கிறார்.

இந்த வழியில் இருந்து படம் தவறும் ஓர் இடமும் உண்டு. உயிர்பெற்ற பூதம் கொஸ்டெல்லோவைப் பார்த்துத் தானே பயந்து பின்வாங்குகிறது. தியேட்டரில் நல்ல சிரிப்பு வரும், ஆனால் பூதத்தின் மதிப்பு அந்த நொடியில் குறைகிறது. படத்தின் இறுதிப் பகுதியில் அதே பூதம் டிராகுலாவின் கூட்டாளியான பெண் மருத்துவரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வீசுகிறது. அதில் பகிடி எதுவும் இல்லை. இழந்த பயத்தைப் படம் அந்த ஒரு சாவால் மீட்டுக்கொள்கிறது.

படம் நன்றாக ஓடியது. ஆனால் லொன் சேனி பிற்காலத்தில் கசப்போடுதான் இதைப் பற்றிப் பேசினார். அபொட்டும் கொஸ்டெல்லோவும் பேய்களைக் கோமாளிகளாக்கித் திகில் படங்களையே கெடுத்துவிட்டார்கள் என்பது அவருடைய குறை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தப் படத்தோடு யுனிவர்சல் அந்த மூவரையும் ஓரங்கட்டியது. இதே இணை 1955 வரை மம்மி போன்ற வேறு பேய்களைச் சந்தித்துக்கொண்டே இருந்தது, பயம்தான் படத்துக்குப் படம் தேய்ந்துபோனது. பேயின் பக்கத்தை யாரும் கவனித்துக் காக்காவிட்டால் மிஞ்சுவது பகிடி மட்டும்தான்.

அடுத்த பெரிய அடி 1981இல் விழுந்தது. ஜோன் லேண்டிஸ் எடுத்த ‘அன் அமெரிக்கன் வெர்வுல்ஃப் இன் லண்டன்’. கதையை 1969இலேயே எழுதிவிட்டார். திகிலுக்கு இது பகிடி கூட, பகிடிக்கு இது பயங்கரம் கூட என்று சொல்லி நிறுவனங்கள் தட்டிக்கழித்ததால் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார்.

இரண்டு அமெரிக்க இளைஞர்கள் இங்கிலாந்தின் வெட்டவெளி ஒன்றில் இரவில் நடக்கிறார்கள். பக்கத்தில் ஏதோ ஊளையிடுகிறது. ஓடும்போது ஒருவன் வழுக்கி விழுகிறான். இருவரும் சிரித்துவிடுகிறார்கள், நாமும் மூச்சை விடுகிறோம். மற்றவன் அவனைத் தூக்கக் கை கொடுக்கும் அந்த நொடியில் ஓநாய் பாய்கிறது. 1948இல் பயம் சிரிப்புக்கு ஏணியாக இருந்தது. லேண்டிஸ் சிரிப்பைப் பயத்துக்கு ஏணியாக்கினார். சிரித்தவன் உடம்பைத் தளரவிட்டிருப்பான், அடி அங்கேதான் ஆழமாக விழும்.

அதற்குப் பிறகு அந்தச் செத்த நண்பன் கிழிந்த கழுத்தோடு நண்பனின் மருத்துவமனை அறைக்கு வந்து, காலைச் சாப்பாட்டில் ஒரு துண்டு பாண் கேட்கிறான். பேச்சு வழமையான பேச்சு, காயம் உண்மையான காயம். அந்தக் காயத்தையும் மனிதன் ஓநாயாக மாறும் காட்சியையும் ஒப்பனையால் செய்தவர் ரிக் பேக்கர். ஒப்பனைக்கென்று ஒஸ்காரில் தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான். மாற்றம் நடப்பது இருட்டில் அல்ல, விளக்கு எரியும் ஒரு வீட்டு அறையில். பின்னால் ஓடுவதோ மென்மையான ஒரு காதல் பாட்டு. எலும்பு நீளும் வலியை நடிகர் முழுதாகக் கத்திக் காட்டுகிறார். பாட்டு கேலி செய்கிறது, உடம்பு கேலி செய்யவில்லை.

முடிவில் அவன் ஒரு சந்தில் சுடப்பட்டுக் கிடக்கிறான். காதலி அழுகிறாள். படம் சட்டென்று வெட்டப்பட்டு துள்ளலான பாட்டு ஒன்று தொடங்குகிறது. அழுவதற்குக் கூட நமக்கு நேரம் தரவில்லை. இது கொடுமை என்று சொல்பவர்களும் உண்டு. என் பார்வையில் அந்தச் சாவு மறக்காமல் இருப்பதற்கு அந்த வெட்டுத்தான் காரணம்.

அடுத்த முறை ஒரு பேய்ப் பகிடிப் படம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பகிடி யார் மேல் விழுகிறது? பயந்தவன் மேல் விழுந்தால் படம் கடைசிவரை உங்களை வெருட்டும். பேயின் மேலேயே விழுந்துகொண்டிருந்தால் இடைவேளைக்குப் பிறகு நீங்கள் போனை எடுத்துவிடுவீர்கள். உங்களுக்கு அப்படிப் போனை எடுக்கவைத்த படம் எது, கொமண்டில் எழுதுங்கள். கதைப்போம்.