சராசரி ஆர்டர் மதிப்பு: மொத்தக் கொள்முதலால் ஏற்படும் திரிபு

வழக்கத்துக்கு மாறான ஒரே பெரிய ஆர்டர், தானியங்கி விற்பனைச் சுருக்கத்தில் சராசரி ஆர்டர் மதிப்பை உண்மை நிலைக்கு மேல் உயர்த்திக் காட்டுவது. மொத்த விற்பனைத் தொகையை ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி பெறப்படுவதால் இது நேர்கிறது.

எடுத்துக்காட்டு: ஒரு வாரத்தில் 199 ஆர்டர்களின் சராசரி ₹800, மொத்தம் ₹1,59,200. அலுவலகம் ஒன்று ₹4,00,000க்கு ஓர் ஆர்டர் தந்தால் 200 ஆர்டர்களின் சராசரி ₹2,796 ஆகிறது. அடுத்த வாரம் வழக்கமான ₹800 திரும்பும்போது, சுருக்கம் 71% சரிவு எனத் தவறாக அறிவிக்கும். சராசரி தாவியும் இடைநிலை அளவு அசையாதிருப்பதே இத்திரிபின் அடையாளம்.

கண்டறிதல்: ஜான் டூக்கி 1977இல் வெளியிட்ட நூலால் பரவிய விதிப்படி, மேல் கால்மானத்துடன் கால்மான இடைவெளியின் 1.5 மடங்கைக் கூட்டிய எல்லையைத் தாண்டுபவை தனித்துக் குறிக்கப்படும். கால்மானங்கள் ₹500, ₹1,000 எனில் எல்லை ₹1,750. ஆர்டர் தொகைகள் இயல்பாகவே மேற்புறம் நீண்டு பரவுவதால், இவ்விதி சாதாரணப் பெரிய ஆர்டர்களையும் பிடித்துவிடும். ஆகவே மொத்தக் கொள்முதலுக்குத் தனி வரம்பு வைப்பதுண்டு.

கையாளும் முறை: அந்த ஆர்டர் வருவாய்க் கணக்கில் நீடிக்கும், சராசரியிலிருந்து மட்டும் விலக்கப்பட்டு, தொகையுடன் தனி வரியில் காட்டப்படும். விரிதாளில் பயன்படும் சூத்திரங்கள்:

```
=MEDIAN(B2:B201)
=TRIMMEAN(B2:B201,0.01)
```

இரண்டாவது, இரு முனைகளிலும் ஒவ்வோர் ஆர்டரை நீக்கிச் சராசரி காணும். பெரிய ஆர்டர்கள் அடிக்கடி வந்தால் விலக்குவது பொருந்தாது. சில்லறை, மொத்தம் எனப் பிரித்து இரு சராசரிகள் தரப்படும்.